பிளாக்கின் வயிற்றுக்கு என்ன ஆகாரம்?

கேள்வி: ஹாலோ பிளாக்கில் ஒருமாடி வீடு கட்டுகிறேன். துவாரங்களில் கான்கிரீட்டை நிரப்பினால் பலமும் குளிர்ச்சியும் சேரும் என்கிறார் கொத்தனார். உமியைக் கொட்டச் சொல்கிறார் மைத்துனர். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இருவருக்கும் காப்பி கொடுத்துவிட்டு நான் சொல்வதையும் கேளுங்கள். கொத்தனார் பலத்தில் பாதி ஜெயிக்கிறார், குளிர்ச்சியில் முழுவதும் தோற்கிறார். ஏனெனில், உள்ளே அடைபட்ட காற்று உஷ்ணத்துக்குச் சிறிது தடையாயிருக்க, அதை வெளியேற்றி அங்கே கான்கிரீட்டைக் குடியேற்றினால், மேற்குச் சுவர் வெயிலைச் சற்றுத் தாமதித்து, ஆனால் தாராளமாகவே உள்ளே அனுப்பும். ஒருமாடிப் பாரத்தைச் சுமக்க நல்ல பிளாக்குக்கு நிரப்பே வேண்டியதில்லை. பூகம்பமும் பேரலையும் பக்கவாட்டில் தள்ளும்போதுதான், மூலைகளில் அஸ்திவாரம் முதல் கூரை வரையும், வாசல் ஜன்னல் ஓரங்களில் லிண்டல் வரையும் கம்பி நிறுத்திய துவாரங்களில், பொடிச்சல்லிக் கான்கிரீட்டை இளக்கமாக ஊற்றி, சிறிது சிறிதாகக் குத்தி இறக்குவது பிரயோஜனப்படும். கம்பியில்லா நிரப்பு இழுவிசைக்கு ஈடு கொடாது. இறுகியபின் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்றால் உள்ளே பொந்து.

உமியோ, தெர்மோகோல் மணியோ துவாரத்தை அடைத்தாலும், இடையிலுள்ள கான்கிரீட் தடுப்புகள் வழியே உஷ்ணம் ராஜபாட்டையில் வருவதுபோல் வந்துவிடும், லாபம் சொற்பம். தவிர, இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் ஜில்லாவில், ஈர உமி அந்தச் சொற்ப லாபத்தையும் கெடுத்துவிடும். மேற்குச் சுவருக்கு வெள்ளையடித்து நிழல் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தை மொட்டைமாடிக்குச் செலவிடுங்கள், பெரிய குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.