தண்டல்காரரிடம் ஒரு நிமிடப் பேச்சு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் சாலை பிரியும் இடத்தருகே இட்லி வண்டி போட நினைப்பவர், தண்டல்காரரிடம் லட்சியம் பேசுவதில்லை. பேச்சு இப்படிப் போகும்: “அண்ணே, காலை ஷிப்டுக்குப் போற பசங்க கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற இடம். பாத்திரம் இருக்கு, அடுப்புக்கும் மாவுக்கும்தான் பத்து வேணும். வசூலுக்கு எட்டு மணிக்கு வாங்க.”

கடைசி வாக்கியம்தான் ஜாமீன்.

வழக்கமான கணக்கில், பத்தாயிரம் என்று எழுதி 8,500 கைக்கு வரும். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைவதால், 1,500 ரூபாய்ப் பிடித்தம் ஆண்டு வட்டியாக நூறு சதவீதத்தைத் தாண்டும். இட்லிக்கு இரண்டு ரூபாய் மிஞ்சினால், முதல் ஐம்பது இட்லி தண்டல்காரருக்கு.

பேச்சில் எப்போதும் விடுபடுவது ஞாயிறு. அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை, தண்டலுக்குக் கிடையாது.

2015-இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானமின்றிக் கடன் உண்டு. அங்கே வட்டி குறைவு, விண்ணப்பம் நீளம். எட்டு மணிக்கு வசூலுக்கு வருமாறு வங்கி மேலாளரை அழைத்தாலும் அவர் வரமாட்டார்.