மூணு நடக்குது, மணி ரெண்டரை

ஜெர்மனிக்காரர் ஒருவர் தொலைபேசியில் 'ஹால்ப் ட்ரை' என்றால் பிற்பகல் இரண்டரை மணி. 'ஹால்ப்' என்றால் அரை, 'ட்ரை' என்றால் மூன்று. அரையையும் மூன்றையும் சேர்த்தால் இரண்டரை எப்படி வரும் என்று கேட்பவர் தமிழர். கேட்காமலே மூன்றரைக்குப் போய் நிற்பவர் இங்கிலீஷ் தெரிந்த தமிழர்.

சென்னையிலிருந்து லைப்சிக் நகருக்கு வேலைக்குப் போன பொறியாளர் அந்த இரண்டாம் வகை. உடன் வேலை பார்ப்பவர் சனிக்கிழமை ஹால்ப் ட்ரைக்கு வீட்டுக்குக் காபி குடிக்க வரச் சொன்னார். இவர் மனசுக்குள் அதை முதலில் இங்கிலீஷாக்கினார், பிறகு தமிழாக்கினார். பிரிட்டன்காரர்கள் பேச்சுவழக்கில் 'ஹாஃப் த்ரீ' என்றால் மூன்றரைதான். ஆகவே கணக்கு சரி, பாதைதான் தப்பு. இரண்டரைக்கு மேசையில் வைத்த ஆப்பிள் கேக் மூன்றரை வரை காத்திருந்தது. கேக் பொறுமையாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் அவ்வளவு பொறுமையாக இருந்ததாகத் தகவல் இல்லை.

ஜெர்மானியர்கள் சிலர் ஒரு மணி நேரத் தாமதத்தை வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். 'எதுவும் ஆகிவிடவில்லையே?' என்று கவலையோடு விசாரிப்பார்கள். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

அதே ஊரில் நெடுங்காலமாக இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் பொறியாளர் புலம்பினார். பெரியவர் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஊரில ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு என்ன வயசெண்டு கேட்டால் என்ன சொல்லுவினம்?"

"மூணு நடக்குதுன்னு சொல்வாங்க."

"அதுதான். இவையளுக்கு மணியும் அப்பிடித்தான் நடக்குது."

இதைவிடச் சுருக்கமாக எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. தமிழன் மணியைப் பொறுத்தவரை முடிந்ததைத்தான் எண்ணுவான். இரண்டு முழுசாக முடிந்துவிட்டது, அதன்மேல் அரை, ஆக இரண்டரை. ஜெர்மானியர் நடந்துகொண்டிருப்பதை எண்ணுகிறார். இரண்டு அடித்தவுடனே மூன்றாவது மணி நேரம் தொடங்கிவிட்டது, அதில் பாதி ஓடிவிட்டது, ஆக அரை மூன்று. நாம் பிள்ளையின் வயதுக்கு மட்டும் வைத்திருக்கும் கணக்கை அவர்கள் கடிகாரத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை வராதவர்கள் 'ஹால்ப் ஐன்ஸ்' என்பதை எடுத்துப் பார்க்கலாம். 'ஐன்ஸ்' என்றால் ஒன்று. அரை ஒன்று என்றால் பன்னிரண்டரை. நள்ளிரவில் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், ஒன்றில் பாதி என்பது துல்லியமாக 0.30 தானே? இந்த ஒரு மணியில் ஜெர்மன் வழக்கு கணக்கு வாத்தியாருக்கே பிடித்துப் போகும். நாம்தான் அரை மணி நேரம் மட்டுமே ஆன ஒரு நாளைப் 'பன்னிரண்டரை' என்று பெரிய எண் போட்டுச் சொல்கிறோம்.

இது கடிகாரத்துக்கென்று கண்டுபிடித்த குறும்பும் இல்லை. ஒன்றரைக்கு ஜெர்மனில் இன்றும் 'ஆண்டர்ட்ஹால்ப்' என்றொரு சொல் புழங்குகிறது. அதன் முதல் பாதி 'இரண்டாவது' என்ற பழைய பொருளில் வருவது. அதாவது இரண்டாவதில் அரை. பக்கத்து டென்மார்க்கில் இந்தப் பழக்கம் முற்றிப்போய், ஐம்பதை 'ஹால்வ்ட்ரெஸ்' என்கிறார்கள். 'அரை மூன்றாவது இருபது' என்பதன் சுருக்கம் அது. இரண்டரை இருபது, ஐம்பது. அங்கே கடையில் சில்லறை வாங்கும் தமிழர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பொறியாளர் ஒரு வாய்ப்பாடு போட்டுக்கொண்டார்: காதில் விழும் எண்ணில் ஒன்றைக் கழி, அரையைக் கூட்டு. மூன்று இரண்டரையாகும், எட்டு ஏழரையாகும். (ஹால்ப் ஆக்ட்டுக்கு யாராவது அழைத்தால் நம்மூர்க்காரர் கொஞ்சம் தயங்குவது நியாயம்தான். ஏழரைக்கு ஜெர்மன் மொழியில் சனி கிடையாது.) வாய்ப்பாடு நன்றாகவே வேலை செய்தது, அலுவலகத்தில் ஒருவர் 'ஃபீர்டெல் ட்ரைக்குக் கூட்டம்' என்று சொல்லும்வரை.

ஃபீர்டெல் என்றால் கால். கால் மூன்று. இங்கும் மூன்றாவது மணிதான் நடக்கிறது, அதில் கால் பங்கு முடிந்தது, ஆக இரண்டேகால். 'ட்ரைஃபீர்டெல் ட்ரை', முக்கால் மூன்று, இரண்டே முக்கால். கால், அரை, முக்கால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒழுங்கு புரிகிறது. கழிப்பது எப்போதும் ஒன்று, கூட்டுவது காதில் விழுந்த பின்னம். கால், அரை, முக்காலோடு அரைக்காலும் மாகாணியும் வைத்திருந்த மொழிக்காரருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

விஷயம் பெரிதானது ஜெர்மானியர்களுக்கு. கூட்டத்தில் ஹாம்பர்கிலிருந்து வந்த பெண் ஒருவரும் இருந்தார். அவருக்கும் 'ஃபீர்டெல் ட்ரை' விளங்கவில்லை. மூன்றுக்குக் காலா, மூன்றுக்கு மேல் காலா என்று அவர் கேட்க, இரண்டும் இல்லை என்று லைப்சிக்காரர்கள் சொல்ல, ஐந்து நிமிடம் போயிற்று. காரணம், இந்தக் கால் கணக்கு நாடு முழுக்கச் செல்லாது. கிழக்கே சாக்சனி, துரிங்கியா பக்கமும், தெற்கே ஷ்டுட்கார்ட்டைச் சுற்றியும் ஃபீர்டெல் ட்ரை செல்லும். வடக்கே ஹாம்பர்கில் இரண்டேகால் என்றால் 'ஃபீர்டெல் நாக் ட்ஸ்வை', அதாவது இரண்டுக்குப் பின் கால். மொழியியலாளர்கள் ஸ்டெஃபான் எல்ஸ்பாஸும் ராபர்ட் மெல்லரும் நடத்தும் அன்றாட ஜெர்மன் வரைபடத் தொகுப்பில் இதற்கென்றே தனி வரைபடம் இருக்கிறது. ஹால்ப் ட்ரை விஷயத்தில் மட்டும் வடக்கும் தெற்கும் ஒன்று.

அடையாளம் எளிது. பின்னத்துக்கும் எண்ணுக்கும் நடுவே 'நாக்' (பின்) அல்லது 'ஃபோர்' (முன்) என்ற சொல் வந்தால் எண்ணைத் தொடக்கூடாது. நடுவே எதுவும் இல்லாமல் பின்னமும் எண்ணும் ஒட்டி நின்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும்போதுதான் தலை சுற்றும். 'ஃபூன்ஃப் ஃபோர் ஹால்ப் ட்ரை': அரை மூன்றுக்கு முன் ஐந்து. மூன்றில் தொடங்கி, ஒன்றைக் கழித்து, அரையைக் கூட்டி, அதிலிருந்து ஐந்து நிமிடம் பின்னால் வர வேண்டும். விடை 2.25. 'ஃபூன்ஃப் நாக் ஹால்ப் ட்ரை' என்றால் 2.35. இதைக் கேட்டுப் பொறியாளர் மலைத்தபோது பெரியவர்தான் மறுபடி கைகொடுத்தார். "ரெண்டரைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கெண்டு நாங்கள் சொல்லுறதில்லையோ?" சொல்கிறோம். அரையைக் கம்பம்போல் நட்டுவிட்டு இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு என்று பேசுவது நமக்கும் பழக்கம்தான். கம்பம் எங்கே நிற்கிறது என்பதில்தான் தகராறு.

இத்தனை சிக்கலும் வாய்ப்பேச்சில் மட்டும்தான். ரயில் நிலைய அறிவிப்பிலும் மருத்துவர் தரும் சீட்டிலும் இருபத்துநான்கு மணிக் கணக்குதான்: 14.30, 'ஃபீர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிக்'. அங்கே அரையும் கிடையாது, காலும் கிடையாது. எனவே ஜெர்மனியில் யாராவது உங்களை ஹால்ப் ஏதோ ஒன்றுக்கு அழைத்தால், அந்த நேரத்தை இந்த இருபத்துநான்கு மணிக் கணக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார். ஹாம்பர்க்காரர்களும் லைப்சிக்கில் அப்படித்தான் கேட்கிறார்கள்.