மானம் போகலாம், பல் போகக்கூடாது

இண்டூரில் ஒருவர் வண்டி பழகப் போகிறார் என்று தெரிந்தால் போதும், அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. “ஸ்கூட்டி எடுங்க, முறுக்கினா போகும், பிடிச்சா நிக்கும்” என்று பாதி ஊர் சொல்லும். பொய்யில்லை. ஆனால் வில்லங்கமே அந்த ‘முறுக்கினா போகும்’ என்பதில்தான் இருக்கிறது. பதறிய மனிதர் கையில் கிடைத்ததை இறுகப் பிடிப்பார். ஸ்கூட்டரில் வலது கைக்குக் கிடைப்பது ஆக்சிலரேட்டர். வண்டி பாய்ந்ததும் உடம்பு பின்னால் சாயும். சாய்கிற கை இன்னும் முறுக்கும். இன்ஜினை அணைக்காமல் இறங்கி, வலது பிடியைப் பற்றித் தள்ளுகிறவரைக் கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டிதான் அவரைத் தள்ளிக்கொண்டு போகும்.

கியர் வண்டி தண்டிக்கும் விதமே வேறு. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சைப் படக்கென்று விட்டால், ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். டீக்கடை பெஞ்சு சிரிக்கும், அவ்வளவுதான். கியர் வண்டியின் தவறு டீக்கடை முன்னால் முடிகிறது; ஸ்கூட்டரின் தவறு டீக்கடைக்குள் முடியலாம். பதற்றத்தில் இரண்டு கையையும் இறுக்கினாலும், இடது கை கிளட்சைப் பிடித்து இன்ஜினை சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். பழகும் வழியும் எளிது. சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் தணியும், வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அங்கேயே நிறுத்தி, திரும்பப் பிடியுங்கள். அந்த இடம் கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

“அதற்கு எவ்வளவு நாளாகும்? ஸ்கூட்டர் ஒரே சாயங்காலத்தில் வந்துவிடுமே!” என்பார்கள். வந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சாயங்காலத்தில் வருவது ஓட்டுவது. நிறுத்துவதற்கு இரண்டிலும் நாள் பிடிக்கும். மேலும், கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாது. கியர் வண்டியில் ‘8’ போட்டு வாங்கியவர் இரண்டையும் ஓட்டலாம். செலவிலும் இதே கணக்குதான். மாதம் 750 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் ஏறக்குறைய 17 லிட்டர் குடிக்கும்; 60 தரும் 100 சிசி பைக் பன்னிரண்டரையில் முடித்துவிடும். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மாதம் நானூறுக்கு மேல் மிச்சம். செலவு மட்டுமல்ல, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் இரண்டாவது கியரே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டரிலோ வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும். பிறகு பிரேக்தான் ஒரே துணை.

சேலை, மூட்டை, கால் வலி என்று காரணம் இருந்தால் ஸ்கூட்டரையே வாங்குங்கள், தப்பில்லை. பழகுவது மட்டும் கியர் வண்டியில் இருக்கட்டும்.