நூறு சதவீதத்துக்கு யார் சொந்தக்காரர்?

(ஆசிரியர் வேலை விண்ணப்பங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவை)

‘எனது வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி’ என்று பெரிய எழுத்தில் போட்டேன். இன்டர்வியூவுக்குக்கூட அழைக்கவில்லையே, ஏன்?
*கணித ஆசிரியர், நாமக்கல்*

உங்கள் ஊர்ப் பக்கத்தில் நூறு சதவீதம் போடாத பள்ளிப் பேனர் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். எல்லா விண்ணப்பத்திலும் அதே வரி இருந்தால் தாளாளர் அதைப் படிக்க மாட்டார், தாண்டிப் போய்விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விவரம் தெரிந்த தலைமை ஆசிரியர் அந்த வரியைப் பார்த்ததும், “எத்தனை பேர் எழுதினார்கள்?” என்றுதான் யோசிப்பார். தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து நூறு போடுகிற கதை அவருக்கும் தெரியும். ஆகவே சதவீதத்தை விடுங்கள். “ஜூனில் 38 பேர் சேர்ந்தனர், 38 பேரும் தேர்வு எழுதினர், 36 பேர் தேர்ச்சி” என்று எழுதுங்கள். தேறாத அந்த இரண்டு பேர்தான் உங்கள் கடிதத்தை நம்ப வைப்பார்கள்.

2021-ல் என் பத்தாம் வகுப்பு முழுத் தேர்ச்சி. அதைச் சேர்க்கலாமா?
*அறிவியல் ஆசிரியை, கடலூர்*

அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்கவே முழுத் தேர்ச்சி, அம்மா. கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். அந்தச் சாதனையில் உங்களுக்கு எவ்வளவு பங்கோ, எனக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

‘மாணவர் மையக் கற்பித்தல், செயல்வழிக் கற்றல், ஸ்மார்ட் போர்டு’ என்று முறைகளை வரிசையாக எழுதியிருக்கிறேன். இது போதாதா?
*பட்டதாரி ஆசிரியர், விருதுநகர்*

இது பி.எட். பாடப்புத்தகத்தின் பொருளடக்கம். நீங்கள் வகுப்பில் என்ன செய்தீர்கள் என்பது இதில் எங்கும் இல்லை. ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுந்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இதற்கு ஒரு பத்தி தாராளம்.

உங்கள் பாடம் எது என்று நீங்கள் சொல்லாததால் கணிதத்தையே உதாரணமாக எடுக்கிறேன். நம் மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இந்த முப்பதோடு இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைச் சேர்த்தால் 35 தாண்டிவிடும். மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கரையேற்ற ஊரெல்லாம் ஓதுகிற மந்திரம் இதுதான். “வடிவியல், வரைபடத்தில் சிறப்புப் பயிற்சி அளித்தேன்” என்று எழுதினால், எல்லோரும் அளித்ததைத்தான் நீங்களும் அளித்தீர்கள் என்று பொருள்.

அந்த வரைபடக் கேள்வியில் பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று பார்த்தவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். y = x² + x – 2 என்ற கணக்கில் x = –3 என்றால் y = 9 – 3 – 2 = 4 வர வேண்டும். எதிர்ம எண்ணின் வர்க்கத்தையும் எதிர்மமாகவே எழுதும் பிள்ளைக்கு –9 – 3 – 2 = –14 வரும். அந்தப் புள்ளியைக் குறிக்கக் கட்டத்தாளில் இடம் போதாது. “எனக்கு கிராப் வராது சார்” என்று பென்சிலை வைத்துவிடுவான். உண்மையில் அவனுக்கு வராதது ஏழாம் வகுப்புக் கணக்கு.

இதை வைத்து ஒரு மாதிரிப் பத்தி தருகிறேன். எண்கள் என் கற்பனை. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 38 மாணவர்கள். காலாண்டுத் தேர்வில் 13 பேர் கணிதத்தில் 35-க்குக் கீழ். அவர்களின் விடைத்தாள்களைத் தனியே எடுத்துப் பார்த்ததில், 9 பேர் வரைபட வினாவில் அட்டவணையிலேயே தவறியிருந்தனர். பெரும்பாலும் எதிர்ம எண்களின் வர்க்கத்தில். அடுத்த மூன்று வாரம் அவர்களுக்குக் கட்டத்தாளே தரவில்லை. தினமும் வகுப்பின் முதல் பத்து நிமிடம் அட்டவணை மட்டும் நிரப்பச் சொன்னேன். பக்கத்து மாணவர் திருத்துவார். அட்டவணை பிழையில்லாமல் வந்த பிறகே புள்ளி குறிக்க விட்டேன். அரையாண்டில் 13 பேர் 6 ஆகக் குறைந்தனர். பொதுத்தேர்வில் இருவர் தேறவில்லை. அந்த 13 பேரில் மூவர் மாலையில் டியூஷனும் சென்றனர்.”

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். ஒரு வகுப்பின் மதிப்பெண்ணில் டியூஷன், வீடு, முந்தைய ஆண்டு ஆசிரியர் என்று பலருக்குப் பங்கு உண்டு. அதைத் தானாகவே சொல்கிறவரின் மற்ற எண்களையும் நம்பலாம்.

மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை அப்படியே இணைக்கலாமா?
*ஆசிரியை, தஞ்சாவூர்*

பெயரோடு வேண்டாம். இன்னொரு பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண்ணை உங்கள் வேலைக்காக ஊர் சுற்ற விடக் கூடாது. அதோடு, இந்தப் பள்ளியின் பட்டியலையும் நாளை வேறொரு பள்ளிக்குக் கொண்டுபோவீர்கள் என்று தாளாளர் யோசிப்பார். எண்ணிக்கை மட்டும் போதும்.

நான் இப்போதுதான் பி.எட். முடித்திருக்கிறேன். ரிசல்ட்டுக்கு எங்கே போவேன்?
*வாசகி, திருவண்ணாமலை*

பரண்மேல் போய்ப் பாருங்கள். பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு சாதனைச் சோதனை நடத்தி, திருத்தி, பட்டியல் போட்டு, கலர் பேனாவில் வரைபடமும் வரைந்து ரெக்கார்டு எழுதினீர்களே, அதுதான் உங்கள் ரிசல்ட். அதில் எந்தக் கேள்வியை அதிகம் பேர் தவறவிட்டார்கள், அடுத்த வகுப்பில் அதற்கு என்ன செய்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். சோதனையைத் தோழியின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியிருந்தால், இந்தப் பதிலைப் படிக்காத மாதிரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

சென்டம் எடுத்த மாணவரைப் பற்றிச் சொல்லலாமா, கூடாதா?
*ஆசிரியர், ஈரோடு*

சொல்லுங்கள், ஒரு வரியில். அந்தப் பிள்ளை காலாண்டிலேயே 97 வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 97-ஐ நூறாக்கியது பெரிதா, 19-ஐ 41 ஆக்கியது பெரிதா என்பது நீங்கள் விண்ணப்பிக்கும் பள்ளியைப் பொறுத்தது. சென்டம் எண்ணிக்கையை வைத்து அட்மிஷன் நடத்தும் பள்ளிக்கு முதலாவது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு இரண்டாவது. எந்தப் பள்ளி என்று பார்க்காமல் ஒரே கடிதத்தை இருபது இடத்துக்கு அனுப்புவதால்தான் பதில் வருவதில்லை.

கடிதத்தில் கொஞ்சம் கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?
*பெயர் வேண்டாம், மதுரை*

டெமோ கிளாஸில் தெரிந்துவிடும். “கட்டத்தாள் இல்லாமல் மூன்று வாரம் நடத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது அதை நடத்திக் காட்டுங்கள்” என்று சாக்பீஸை நீட்டுவார்கள். செய்யாததை எழுதியவருக்கு அந்த இருபது நிமிடம் மிக நீளமானது. செய்ததை மட்டும் எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.