கொண்ணன் காசிலை ஓர் அவண்

கேள்விப்பட்டன் பிள்ளை. கனடாவிலை இருக்கிற கொண்ணன் முதல் காசு அனுப்பிறானாம், நீ பண்ணைப் பாலம் தாண்டிப் போய் இரண்டு தட்டு அவணும் இருபது லீற்றர் மிக்சரும் பாத்து விலை கேட்டிட்டு வந்தியாம். மிச்சக் காசுக்கு லீசிங்காம். அந்த லீசிங்குக்குப் பிணை வைக்க இரண்டு பேர் வேணுமாம், அதிலை ஒராள் நானாம். சுருவில் முழுக்கத் தெரிஞ்ச பிறகுதான் பிணைக்காரனுக்குச் சொல்லியிருக்கினம். நல்ல மரியாதை. இனி இந்தக் கிழவன் வாய் திறக்கக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

உன்ரை கொம்மா பூரிச்சுப் போய்ச் சொன்னா, அவண் ஆள் உயரமாம், முகம் தெரியிற மாதிரி மினுங்குதாம். முகம் பாக்கக் கண்ணாடி மலிவு. நீ அந்தக் கடைக்காரனிட்டை அது எத்தினை கிலோவாட் எண்டு கேட்டனியோ? கேட்டிருக்கமாட்டாய். சரி, உங்கடை வாசலிலை இருக்கிற மீற்றர் பெட்டியை ஒருக்காத் திறந்து பார். ஊரிலை கனபேருக்கு இருக்கிற மாதிரி சிங்கிள் பேஸ், 30 அம்பியர் எண்டுதான் இருக்கும். 230 வோல்ட்டை 30ஆலை பெருக்கினால் 6,900 வாட். உங்கடை வீடு முழுக்க ஒரே நேரத்திலை இழுக்கக்கூடியது அவ்வளவுதான். இரண்டு தட்டு எலெக்ரிக் அவண் எண்டால் தனியவே 12, 13 கிலோவாட் இழுக்கும். ஒரு தட்டு எடுத்தாலும் ஆறு ஏழு வரும். கொப்பர் தண்ணி மோட்டரைப் போட்ட உடனை கரண்ட் விழும், உன்ரை கேக்கும் நடுவிலை குழி விழும். பெரிசுதான் வேணுமெண்டால் த்ரீ பேசுக்கு மின்சாரக் கந்தோருக்கு எழுதிக்குடு. அதுக்கும் காசு, வீட்டுக்குள்ளை வயர் மாத்திறதுக்கும் காசு. அவண் விலைத்துண்டிலை அது ஒண்டும் எழுதியிருக்காது.

காஸ் அவண் எண்டால் இந்தக் கரைச்சல் இல்லை. உள்ளை இருக்கிற சின்னச் சாமானுகளுக்குத்தான் கரண்ட். ஆனால் 2022ஐ மறந்திட்டியோ? அந்தப் பங்குனியிலை காஸ் இல்லாமல் நாடு முழுக்க ஆயிரத்துக்குக் கிட்ட பேக்கரியள் பூட்டிப்போட்டுது எண்டு பேக்கரி உரிமையாளர் சங்கமே சொன்னது. அதே நேரம் கரண்டும் ஒரு கட்டத்திலை நாளுக்கு 13 மணித்தியாலம் இல்லை. அப்ப காஸிலையும் சுடேலாது, கரண்டிலையும் சுடேலாது. ஆனால் லீசிங் எடுத்தவனுக்குத் தவணை நாள் மட்டும் தவறாமல் வந்தது. தள்ளி வைக்கலாம் எண்டு சொன்ன இடத்திலும் வட்டி தள்ளி நிக்கேல்லை.

அதனாலை முதல் லீசிங்கை உடைச்சுப் பாப்பம். அந்தப் பெடியன் கழுத்துப் பட்டியோடை வந்து, "12 வீதம்தான் அக்கா" எண்டு சொன்னவனாம். அக்கா எண்டதிலேயே நீ பாதி விழுந்திருப்பாய். இரண்டு மெசினும் சேத்து 6 லட்சம் எண்டு வை, கணக்குக்காக. முற்பணம் 1 லட்சத்து 20 ஆயிரம், மிச்சம் 4 லட்சத்து 80 ஆயிரம், மூண்டு வருசம். அவன் என்ன செய்வான் தெரியுமோ? 4,80,000க்கு 12 வீதம், மூண்டு வருசத்துக்கும் போட்டு 1,72,800. அதைக் கூட்டி 36ஆலை பிரிச்சு, மாதம் 18,133 எண்டுவான். கணக்குச் சரிதானே எண்டு நினைப்பாய். ஆனால் ஒரு வருசம் கட்டின பிறகு நீ வைச்சிருக்கிற கடன் நாலு எண்பது இல்லை, குறைஞ்சிட்டுது. அவன் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழுத்தொகைக்கும் வாங்குறான். குறைஞ்சு போற மீதிக்குப் போட்டுப் பாத்தால் அந்த 12, 21க்கும் மேலை வரும். அதாலை "எத்தினை வீதம்" எண்டு கேளாதை. "குறையிற மீதிக்கு எத்தினை வீதம்?" எண்டு கேள். அப்ப அவன் உன்னை அக்கா எண்டு கூப்பிடுறதை நிப்பாட்டிப்போடுவான்.

இன்னொண்டு. கடைசித் தவணை கட்டி முடியுமட்டும் மெசின் அவையின்ரை பேரிலைதான். அது பழுதாய்ப் போச்சு, திருத்தாமல் கட்டமாட்டன் எண்டு நீ சண்டை பிடிக்கேலாது. மெசின் வித்தவன் வேறை, காசு குடுத்தவன் வேறை. காகிதத்திலை அப்பிடித்தான் எழுதியிருக்கும், பொடி எழுத்திலை. மூக்குக்கண்ணாடியை நான் இரவலாய்த் தாறன், வாசி.

இனி உன்ரை ஓடர் கொப்பியை எடு. "மாதம் சராசரி நாலைஞ்சு தரம் பெரிசாச் சுடுறன் அப்பு" எண்டு சொல்லுவாய். சராசரி எண்டது லீசிங்குக்காரனுக்குத் தெரியாத சொல்லு. ஆடி, ஆவணியிலை வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கும். சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் எண்டு ஒன்பது பத்துத்தரம் அடுப்பு எரியும். நத்தாருக்கு ஊர்காவற்றுறை, கரம்பன் பக்கம் கேக் கேப்பினம். பங்குனியிலை? புரட்டாதியிலை? கொப்பியைப் பிடிச்சுப் பார். இரண்டு தரம் இருந்தால் பெரிய விசயம். உன்ரை கணக்கை ஆவணியிலை வைச்சுப் பாக்கக் கூடாது, பங்குனியிலை வைச்சுத்தான் பாக்கவேணும்.

பாப்பமே. ஊர்காவற்றுறையிலை ஆரோ ஒரு பேக்கரிக்காரனிட்டை மத்தியானம் நாலு மணித்தியாலம் இடம் கேக்கிறாய் எண்டு வை. மணிக்கு 800, ஓட்டோ போக வர 1,000. ஒரு தரத்துக்கு 4,200. சொந்தமா வைச்சுச் சுட்டால் காஸுக்கு ஒரு 700 போகும். அப்ப ஒவ்வொரு தரமும் சொந்த மெசின் உனக்கு மிச்சம் பிடிச்சுத் தாறது 3,500. விளங்குதோ?

முழுக்காசு குடுத்து 6 லட்சத்துக்கு வாங்கினால், ஐஞ்சு வருசத்திலை ஒண்டரை லட்சத்துக்கு விக்கலாம் எண்டு வைச்சாலும், மாதம் 7,500 தேய்ஞ்சு போகுது. திருத்த வேலைக்கு 1,500. அந்த 6 லட்சத்தை வங்கியிலை 8 வீதத்துக்குப் போட்டிருந்தால் மாதம் 4,000 வந்திருக்கும். கொண்ணன் காசெண்டால் வட்டி இல்லையெண்டு நினையாதை. மொத்தம் 13,000. அதை 3,500ஆலை பிரிச்சால் மாதம் நாலு தரம் சுட்டால்தான் வாங்கினது சரி. லீசிங் எண்டால் 18,133ஓடை திருத்த வேலையும் சேர, ஆறு தரத்துக்குக் கிட்டப் போகுது, அதுவும் முற்பணத்தைக் கணக்கிலை எடுக்காமல். பங்குனியிலை இரண்டு தரம் சுடுற நீ ஆறு தரத்துக்குக் காசு கட்டுவாய். மிச்ச நாலு தரத்துக்குக் காசு கேட்டு ஆரிட்டை வருவினம்? பிணைக்காரனிட்டை. இப்ப விளங்குதோ கிழவன் ஏன் கணக்குப் பாக்கிறன் எண்டு? என்ரை விலையளை நம்பாதை, உன்ரை விலையளைப் போட்டுப் பார்; போடுற வழிதான் முக்கியம்.

"அப்ப அடுத்தவன்ரை பேக்கரியிலை போய் நிக்கச் சொல்லுறியளோ?" எண்டு மூஞ்சையைத் தொங்கப்போடாதை. கொம்மா மிளகாய்த்தூள் இடிக்க மில்லுக்குத்தானே போறவ? வீட்டிலை ஒரு மில் வைக்கேல்லை எண்டு அவ வெக்கப்பட்டதை நான் காணேல்லை. மொரோக்கோவிலை இண்டைக்கும் வீட்டிலை மா குழைச்சுத் தட்டிலை வைச்சுத் தெருமுனைப் போறணைக்குக் கொண்டுபோய்க் குடுக்கினம்.

ஆனால் அது தெருமுனை, கவனி. உன்ரை சாமானிலை எது வழியிலை தாக்குப்பிடிக்கும் எண்டு பாக்கவேணும். நத்தார் கேக் கலவை, ரவையும் கஜுவும் முந்திரிகை வத்தலும் போட்டது, பாரமானது. வீட்டிலை அடிச்சு ஓட்டோவிலை கொண்டுபோனாலும் அசையாது. சுடுறதும் 150 பாகை மட்டிலை மெதுவாய்த்தான். பேக்கரிக்காரன் விடியப்புறம் பாண் சுட்டு முடிச்ச பிறகு விறகுப் போறணையிலை ஆறிவாற சூடு அதுக்குச் சரி, அவனுக்கு அந்தச் சூட்டாலை வேறை பிரயோசனமும் இல்லை. அதாலை விலை பேசேக்கை உன்ரை பக்கம் பலம். ஸ்பொஞ்ச் கேக் அப்பிடியில்லை. முட்டையை அடிச்சுக் காத்தை ஏத்தி வைச்சிருக்கிறாய். நாரந்தனை றோட்டுக் குழியிலை ஓட்டோ இரண்டு தரம் குதிச்சால் காத்தும் போச்சு, கேக்கும் போச்சு. அதை அடிக்கிற இடத்திலைதான் சுடவேணும். பணிஸ் மா இன்னும் பொல்லாதது. வெயிலிலை வழி முழுக்கப் பொங்கிக்கொண்டே வந்து, போய்ச் சேரேக்கை புளிச்சு அமர்ந்துபோகும். சுடவும் 200 பாகைக்கு மேலை வேணும், ஆறின போறணை அதுக்கு உதவாது.

இன்னுமொரு பொறி இருக்கு. பேக்கரியிலை மிக்சர் இருக்குத்தானே எண்டு வெறுங்கையோடை போகாதை. அது பாண் மா பிசையிற சுருள் மெசின்; அதிலை முட்டை நுரைக்காது. அதே மாதிரி நீ பாத்து வைச்ச இருபது லீற்றர் மிக்சர் கேக் அடிக்கிறது. அதுக்குள்ளை பாண் மாவை நிரப்பினால் பல்லுச்சக்கரம் தேயும். 20 லீற்றர் எண்டது சட்டியின்ரை கொள்ளளவு, மாவின்ரை அளவில்லை. இறுக்கமான மா எண்டால் நாலைஞ்சு கிலோ மாவோடை நிப்பாட்டவேணும்.

அதாலை நான் சொல்லுறது இதுதான். லீசிங்கை விடு. மிக்சரை மட்டும் கொண்ணன் காசிலை வாங்கு. பத்து லீற்றரே இப்ப உனக்குக் காணும், வீட்டுக் கரண்டிலை ஓடும், விலை விழுந்தாலும் தாங்கலாம். பாரமான கேக் சுடுறதுக்குப் பேக்கரியிலை நேரம் எடு. ஸ்பொஞ்சை இப்ப இருக்கிற சின்ன அவணிலையே சுடு, ஆறாய்ச் சுடுறதை மூண்டு மூண்டாய்ச் சுடு. பேக்கரிக்காரனோடை வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தக் கிழமை, எத்தினை மணிக்கு, காஸோ விறகோ ஆற்றை, தட்டுக் கழுவுறது ஆர், பீ.எச்.ஐ. வந்தால் ஆற்றை பதிவிலை உன்ரை கேக் நிக்குது எண்டதை ஒற்றையிலை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. நத்தாருக்கு முதல் கிழமை அவனுக்கும் தலைக்கு மேலை வேலை, அந்தக் கிழமையை இப்பவே பிடிச்சு வை. அடுத்த பங்குனியிலையும் கொப்பியிலை நாலு தரம் விழுந்தால், அப்ப வா, ஒரு தட்டுக் காஸ் அவண் பாக்கப் போவம்.

போகேக்கை ஒரு காந்தத்தைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சுகொண்டு வா. அவண் கதவுத் தகட்டிலை ஒட்டிச்சுதெண்டால் அது நல்ல ஸ்டெயின்லெஸ் இல்லை, இந்த உப்புக்காத்துக்குச் சீக்கிரம் கறள் பிடிக்கும். பாண் துண்டுகளைத் தட்டு முழுக்க அடுக்கிச் சூடான அவணுக்குள்ளை பத்து நிமிசம் வைக்கச் சொல்லு; ஒரு மூலை கருகி மற்ற மூலை வெள்ளையாய் நிண்டால் அதைக் கடைக்காரனுக்கே தின்னக் குடுத்திட்டு வருவம். மிக்சர் பழசாய் வாங்கிறதெண்டால் வெறும் சட்டியோடை ஓட்டிக் காட்டுவான், மயங்காதை. இறுக்கமான மா போட்டுக் குறைஞ்ச வேகத்திலை ஓட்டச் சொல்லு, மற்ற வேகங்களை இளகின கலவையோடை ஓட்டச் சொல்லு. வேகம் மாத்திறது மெசினை நிப்பாட்டிப்போட்டு. ஓடேக்கையே மாத்துறான் எண்டால் பல்லுப் போயிருக்கும். அடிக்கிற கம்பிக்கு மேலை எண்ணெய் கசிஞ்சிருக்கோ எண்டு விரலாலை தடவிப் பார், அது உன்ரை கேக்குக்குள்ளைதான் சொட்டும். சத்தம் கேக்க என்னைக் கூட்டிக்கொண்டு போ. கொம்மா கூப்பிடுறது எனக்குக் கேக்காது, பல்லுச்சக்கரம் கரகரக்கிறது கேக்கும்.