பட்டியல் பிரிவின் மேலான கவனத்திற்கு

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், பட்டியல் பிரிவு, இணையப் பழைய புத்தகச் சந்தை.

ஐயா,

தாங்கள் சொற்களைச் செலவழிக்கும் சிக்கனத்தைப் பாராட்டவே இக்கடிதம். "பயாலஜி, பன்னிரண்டாம் வகுப்பு, என்சிஇஆர்டி, லேட்டஸ்ட் எடிஷன், நல்ல கண்டிஷன்." ஒரு மாணவியின் நீட் தயாரிப்பு முழுவதையும் ஒரே வரியில் அடக்கிவிட்டீர்கள். "லேட்டஸ்ட்" என்று எழுதிய வருடத்தை மட்டும் தாங்கள் குறிப்பிடுவதில்லை. அதனால் பதிவேற்றிய அன்று லேட்டஸ்டாக இருந்த பிரதி, விற்கும் நாள் வரை லேட்டஸ்டாகவே இளமை குன்றாமல் இருக்கிறது. இந்த வரம் மார்க்கண்டேயனுக்குப் பிறகு தங்கள் சரக்குக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அந்த உயிரியல் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் என்சிஇஆர்டி தன் பாடநூல்களில் பாடங்களைக் குறைத்தது. அதற்கு முன் இந்தப் புத்தகத்தில் 16 பாடங்கள், இப்போது 13. உயிரிகளின் இனப்பெருக்கம் பற்றிய முதல் பாடமும், உணவு உற்பத்திப் பெருக்கம் பற்றிய ஒன்பதாம் பாடமும், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் பற்றிய கடைசிப் பாடமும் போய்விட்டன. போனவை மூன்றுதான் என்றாலும், முதல் பாடமே போனதால் மிச்சமிருப்பவற்றின் எண்கள் எல்லாம் இறங்கிவிட்டன. மரபியல் கோட்பாடுகள் பழைய பிரதியில் ஐந்தாம் பாடம், புதியதில் நான்காம் பாடம். பயிற்சி மையத்தில் "நாளைக்கு நாலாவது பாடத்தில் டெஸ்ட்" என்றால், பழைய பிரதி வைத்திருப்பவள் இரவெல்லாம் இனப்பெருக்க நலம் படித்துவிட்டு மெண்டலின் பட்டாணிக்கு முன்னால் போய் நிற்பாள்.

"ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டிருக்கிறோமே, அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பெரும்பாலான புத்தகங்களுக்கு அதுவே போதுமான பதிலும்கூட. விதிப்படி புதிய பதிப்புக்குப் புதிய எண், கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் வெவ்வேறு எண், மொழி மாறினால் எண்ணும் மாறும். ஆனால் மறு அச்சுக்கு எண் மாறாது. என்சிஇஆர்டியோ பாடம் குறைத்த பிரதிக்கும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டது. ஆகவே 16 பாடப் புத்தகத்திலும் 13 பாடப் புத்தகத்திலும் 81-7450-639-X என்ற அதே எண்தான். இங்கேதான் தங்கள் தளத்தின் கட்டமைப்பு கைகொடுக்கிறது. ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம். அந்த எண்ணுள்ள பிரதி வைத்திருக்கும் வியாபாரிகள் எல்லோரும் அதே பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். விலை குறைந்த பிரதி மேலே ஏறுகிறது. எது குறைந்த விலைக்கு வரும்? மிகப் பழையதுதான். தவறான பிரதியைத் தேடிப்பிடித்து மாணவியின் கண்ணில் முதலில் காட்டும் இயந்திரத்தை இதைவிடக் கச்சிதமாக யாரும் வடிவமைத்துவிட முடியாது.

அந்த எண்ணும் ஒழுங்காக ஏறுவதில்லை என்பது வேறு கதை. 2007 ஜனவரி முதல் ஐஎஸ்பிஎன் பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்று இலக்கமானது. பழைய எண்ணின் முன்னால் 978 சேர்த்தால் வேலை முடிந்தது என்று தங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. பத்திலக்க முறையில் சரிபார்ப்பு மதிப்பு பத்தாக வந்தால் X என்று போடுவார்கள். பதின்மூன்றில் X கிடையாது. முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்று, மூன்று என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் இந்தப் புத்தகத்துக்கு 151 வருகிறது; அடுத்த பத்தின் மடங்கை எட்ட இன்னும் 9 வேண்டும். ஆக எண் 9788174506399. X-ஐ அப்படியே விட்டாலும் தேடலில் அகப்படாது. "எக்ஸ் என்றால் பத்துதானே" என்று 10 போட்டாலும் அகப்படாது. இந்தச் சரிபார்ப்பைப் படிவமே செய்ய முடியும். "கட்டாயம் நிரப்பவும்" என்று சிவப்பில் எச்சரிக்கத் தெரிந்த படிவத்துக்கு ஒரு பெருக்கல் கணக்கு பாரமாகிவிடாது.

மொழி, அட்டை, நிலை ஆகிய மூன்றிலும் தங்கள் படிவம் காட்டும் பெருந்தன்மை தனி. இந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, இந்தியிலும் உருதுவிலும் உண்டு. தங்கள் பட்டியலில் எல்லாமே "பயாலஜி". அட்டைக்குக் "கெட்டி அட்டை" என்றிருந்தால், சாதா அட்டைப் புத்தகத்தை முந்தைய உரிமையாளர் காலிகோ பைண்டிங் செய்து, ஓரத்தை வெட்டி, படங்களின் குறிப்புகளில் பாதியையும் வெட்டியிருக்கிறார் என்று வாங்குபவர் யூகித்துக்கொள்ள வேண்டும். "நல்ல நிலை" என்பதோ ஜாதகத்தில் எழுதும் "நல்ல குடும்பம்" போல. யாரும் வேறு விதமாக எழுதுவதில்லை. பென்சில் கோடு போட்டிருப்பதும் பயிற்சி வினாக்களுக்குப் பேனாவால் விடை எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முன்னதை ரப்பர் அழிக்கும். பின்னதில் அடுத்தவரின் விடையைப் பார்க்காமல் பயிற்சி செய்ய வழியே இல்லை. தாள் ஒன்று குறைந்தால் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும்.

"மூட்டை மூட்டையாக வரும் புத்தகத்துக்கு இவ்வளவு எழுத எங்கள் வியாபாரிக்கு ஏது நேரம்?" என்பது தங்கள் அடுத்த ஆட்சேபம். அவர் எழுதவே வேண்டாம். தலைப்புத் தாளின் பின்பக்கத்தைப் புரட்டி ஒரு படம் எடுத்தால் போதும். முதற்பதிப்பு எது, எந்தெந்த ஆண்டு மறு அச்சானது, எண் என்ன என்பதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது. என்சிஇஆர்டி நீர்க்குறியுள்ள 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டது என்ற வரியும் அங்கேதான். தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி தெரியவில்லை என்றால் சரக்கு திருட்டு அச்சு என்று சந்தேகிக்கலாம். தற்போது வியாபாரிகள் மெனக்கெட்டு எடுத்துப் போடுவது முன்னட்டையின் படம். எந்த ஆண்டு அச்சு என்பதை அது சொல்வதில்லை.

"உண்மையைச் சொன்னால் பழைய பிரதி விற்காதே" என்பது தாங்கள் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபம். விற்கும். நீக்கிய பாடங்களைத் தேடும் ஆசிரியர் இருக்கிறார்; பழைய ஆண்டு வினாத்தாள்களை வைத்து வகுப்பெடுப்பவருக்கும் அது வேண்டும். அவர்கள் தேடுவது 16 பாடப் பிரதியைத்தான். தங்கள் தளத்தில் அது தன்னைப் புதியது என்று சொல்லிக்கொண்டு ஒளிந்திருக்கிறது. மாணவியிடம் போய்த் திரும்பி வரும் பிரதிக்கோ போகவர அஞ்சல் செலவு. மலிவான பாடநூலில் அந்தச் செலவு லாபத்தை விழுங்கிவிடும் என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவு ஏற்கெனவே கண்டிருக்க வேண்டும்.

ஆகவே தாழ்மையுடன் ஒரு மாதிரியை இணைக்கிறேன்: "உயிரியல், பன்னிரண்டாம் வகுப்பு, என்சிஇஆர்டி, ஆங்கிலம். 2019 மறு அச்சு, 16 பாடங்கள் கொண்ட பழைய அமைப்பு. சாதா அட்டை. 9788174506399. இரண்டு பாடங்களில் பென்சில் கோடு, முதல் பக்கத்தில் பெயர், தாள் குறைவில்லை." இதில் மறு அச்சு ஆண்டையும் நிலையையும் எண்ணுக்குரிய பொதுப் பக்கத்தில் வைக்காமல், அந்தந்த வியாபாரியின் பிரதிக்குக் கீழே, விலையை ஒட்டிக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் "லேட்டஸ்ட் எடிஷன்" என்ற இரண்டு சொற்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வாசகன்