கிளிப்பச்சைச் சேலைக்கு அனுமதி இல்லை

பச்சைத் திரை வேலை செய்யும் விதம் மிக எளிது. ஆசிரியருக்குப் பின்னால் ஒரு பச்சைத் துணி தொங்குகிறது. மென்பொருள் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து 'இது பச்சையா?' என்று கேட்கிறது. ஆம் என்றால் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு அங்கே பாடத்தின் படத்தைக் காட்டுகிறது. இல்லை என்றால் விட்டுவைக்கிறது. எதிரில் நிற்பவரின் பட்டமோ பணிமூப்போ அதற்குத் தெரியாது. கிளிப்பச்சைச் சேலை கட்டிவந்தவரை அது துணியின் நீட்சியாகவே எடுத்துக்கொள்ளும். வகுப்பைத் தலையும் இரண்டு கைகளும் மட்டும் நடத்தி முடிக்கும்.

துணிக்குப் பச்சையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மனிதத் தோல், கறுப்போ சிவப்போ, அடிப்படையில் செம்மை சார்ந்தது. பச்சையிலிருந்து தூரமாக நிற்பது. கேமராவின் சென்சாரிலும் நான்கு உணர்விகளுக்கு இரண்டு பச்சைக்கு உரியவை; சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். அதனால் பச்சைத் தகவல் துல்லியமாகவும் குறைந்த இரைச்சலோடும் பதிவாகிறது. இவ்வளவு சலுகை இருந்தும் வீட்டில் எடுத்த பாடங்களில் காது பச்சையாகவும் தலைமுடி கத்தரியால் வெட்டிய காகிதம்போலவும் தெரிகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இல்லை. அது விளக்கிலும் தூரத்திலும் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியல் நடத்தும் ஓர் ஆசிரியையின் அறையை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. பீரோவை நகர்த்த வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. துணி 9 அடி அகலம், 6 அடி உயரம். நீளவாட்டில் கடைசிச் சுவரில் துணி. அதிலிருந்து 5 அடி முன்னால் ஆசிரியை. அவரிடமிருந்து மேலும் 5 அடியில் ஸ்டாண்டில் செல்போன். மீதமுள்ள 2 அடி, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஒருக்களித்து வெளியே வருவதற்கு.

செல்போனின் முதன்மை லென்ஸ் 5 அடி தூரத்தில் சுமார் 6 முதல் 7 அடி அகலத்தைப் பிடிக்கும். 10 அடியில் உள்ள துணியின் தளத்தில் அது இருமடங்காகும். எனவே 9 அடித் துணியால் சட்டகம் நிறையாது; இரு பக்கமும் பீரோவும் காலண்டரும் எட்டிப் பார்க்கும். அவற்றை மென்பொருளில் வெட்டிவிடலாம். ஆனால் 10 அடியில் 9 அடியாக இருக்கும் துணி, ஆசிரியை நிற்கும் 5 அடியில் நாலரை அடிக்குத்தான் பின்னணி தரும். அவர் இரு கைகளையும் முழுதாக விரித்து 'இவ்வளவு பெரிய விண்மீன்' என்று காட்டினால் விரல்கள் பீரோவோடு சேர்ந்து வெட்டுப்படும். உயரமும் அதே கணக்கில் 3 அடி: தலையிலிருந்து இடுப்பு வரை. தரையில் பச்சை விரிக்கத் தேவையே இல்லை.

அடுத்தது துணிக்கான ஒளி. துணியும் ஆள்போல ஒரு தனிப் பாத்திரம் என்று வைத்துக்கொண்டு, அதற்கென்று தனி விளக்கு கொடுக்க வேண்டும். 4 அடி நீள எல்.இ.டி. டியூப் லைட் இரண்டு போதும். துணிக்கு 3 அடி முன்னால், இரு பக்கச் சுவரோரமும் ஒன்றொன்றாகச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் துணியின் எதிர்ப்பாதி நோக்கித் திருப்பினால் நடுவிலும் ஓரத்திலும் வெளிச்சம் ஏறக்குறைய சமமாகும். இரண்டும் ஒரே நிற வெப்பநிலையில், உதாரணமாக 6500 கெல்வினில், இருக்க வேண்டும். ஜன்னல் திரையை மூடிவிட வேண்டும். மேகம் போவதும் வருவதும் பாடத்திட்டத்தில் இல்லை.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: மின்விசிறி. அது துணியை அசைத்து மடிப்பு நிழல்களை உருவாக்குகிறது. கூரை விளக்கு எரிந்தால், விசிறியின் இறக்கைகள் அதன் ஒளியை வெட்டி வெட்டித் துணிமேல் நிழலாகச் சுழலவிடும். விசிறியை நிறுத்தினால் ஆசிரியை வியர்த்து, நெற்றி பளபளத்து, இன்னொரு விளக்குபோல ஆகிவிடுகிறார். கூரை விளக்கை அணைத்து, துணியின் அடியில் ஒரு கம்பைக் கோத்துக் கிளிப் போட்டு இறுக்கி, பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, இடைவேளைகளில் மட்டும் விசிறியைப் போடுவதே இரு தரப்பும் ஏற்கக்கூடிய உடன்பாடு. துணி பளபளப்பு இல்லாத பருத்தியாக, இஸ்திரி போட்டதாக இருக்க வேண்டும். ஒரு மடிப்பின் நிழலில் பச்சையின் செறிவும் குறைவதால், மென்பொருள் அந்த இடத்தை 'பச்சை இல்லை' என்று முடிவுசெய்து, வானத்தில் ஒரு சாம்பல் கோட்டை விட்டுவைக்கும்.

ஒளி சமமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. கண் சமாதானப்பிரியன், எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். ஆள் இல்லாமல் துணியை மட்டும் செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை முழுதாக ஏற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். நல்ல துணி ஒரே சாம்பலாகத் தெரியும். மற்றவை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட எல்லாத் திதிகளையும் காட்டும். துணியின் வெளிச்சம் முகத்தின் வெளிச்சத்துக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் பச்சை வெளுத்துப்போகும், கசிவும் கூடும்.

கசிவு என்பது துணியில் பட்ட ஒளி பச்சையாகத் திரும்பி ஆள்மேல் படுவது. மஞ்சள் அரைத்த கை தொட்ட இடத்திலெல்லாம் அடையாளம் விடுவதுபோல, அது தாடையின் கீழும் காதின் பின்னும் தோள்களிலும் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைச் சட்டையும் மல்லிகைப் பூவும் அதை உடனே வாங்கிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடியின் காது, சரிகைக் கரை, எண்ணெய் தடவிய தலை ஆகியவை ஒருபடி மேலே போய், துணியையே கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். அந்த இடங்களில் ஆசிரியைமேல் ஓட்டை விழும்.

கசிவுக்கு முதல் மருந்து தூரம். துணிக்கும் ஆளுக்கும் இடையே விட்ட அந்த 5 அடி இதற்காகத்தான். இரண்டாவது, தேவைக்கு மேல் உள்ள பச்சையைச் சுருட்டி வைப்பது. கேமராவில் தெரியாத பச்சையும் ஆள்மேல் பச்சையைத்தான் வீசும். இவை இரண்டையும் செய்யாமல் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பின்வரும் கணக்கைப் பார்க்கலாம். கசிவு நீக்கத்தில் பரவலாக உள்ள ஒரு விதி, பச்சையின் அளவு சிவப்பு, நீலத்தின் சராசரியைத் தாண்டக் கூடாது என்பது:

```
G = min(G, (R + B) / 2)
```

ஆசிரியையின் காது R 150, G 105, B 80 ஆக இருக்க வேண்டியது, கசிவால் G 130 ஆகிவிட்டது. விதி அதை 115க்கு இறக்குகிறது, நல்லதுதான். ஆனால் அவர் கட்டியிருப்பது R 240, G 200, B 60 கொண்ட மஞ்சள் சேலை. அதே விதி அங்கே G-ஐ 150 ஆக்குகிறது. மஞ்சள் சேலை ஆரஞ்சாகிறது. சராசரிக்குப் பதில் இரண்டில் பெரியதை வரம்பாக வைத்தால் சேலை பிழைக்கும், காதின் பச்சையும் சேர்ந்தே பிழைக்கும். எது கசிந்த பச்சை, எது மஞ்சளுக்குள் பிறந்த பச்சை என்று எண்களுக்குத் தெரியாது. OBS Studio இன்னொரு வழியில் போகிறது: பச்சையை ஒட்டிய நிறங்களை வெளுக்கவைத்துச் சாம்பலாக்குகிறது. அங்கே Key Color Spill Reduction அளவை அதிகம் ஏற்றினால் காதோரத்தின் உயிர்க்களை போய்விடும்.

இனி ஓரங்கள். செல்போனும் வெப்கேமும் வழக்கமாக நிறத்தை முழுதாகச் சேமிப்பதில்லை; வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி எழுதிவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று எழுதுகின்றன. 1920×1080 படத்தில் வெளிச்ச விவரம் 20,73,600 புள்ளிகளுக்கு. நிற விவரம் 5,18,400க்கு மட்டும். மென்பொருள் வெட்டுவது நிறத்தை வைத்துத்தான் என்பதால் ஓரம் படிக்கட்டாகிறது. எளிய தீர்வு, 4கே அளவில் எடுத்துப் பாடத்தை 1080இல் முடிப்பது. சுருக்கும்போது நான்கு புள்ளிகள் ஒன்றாகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கிடைத்துவிடுகிறது.

மற்ற ஓரக் குற்றங்களைக் கேமராவே செய்கிறது. ஷார்ப்னஸ் ஏற்றினால் உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். பாடம் நடத்துபவருக்கு அது தேவையில்லை. அழகூட்டும் வசதி கன்னத்தோடு தலைமுடியையும் மெழுகிவிடும். தானியங்கி எக்ஸ்போஷரும் வெண்சமநிலையும் ஆசிரியை வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டியதும் துணியின் பச்சையை மாற்றும். இரண்டையும் பூட்டிவைக்க வேண்டும். கைவீச்சில் பச்சைப் பூச்சு தெரிந்தால் அது அசைவு மங்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50லிருந்து 1/100க்கு மாற்றினால் டியூப் லைட் மினுக்காது, மங்கல் பாதியாகும். ஆனால் வெளிச்சம் இருமடங்கு வேண்டும்.

தலைமுடி கடைசிச் சோதனை. பறக்கும் இழைகளைத் தேங்காய் எண்ணெய் படியவைக்கும், அதிகமானால் பிரதிபலிக்கும். அதைவிட நல்ல வழி பின்னணியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளது. கருமுடிக்குப் பின்னால் வெள்ளை ஸ்லைடு வைத்தால் ஒவ்வொரு குறையும் தெரியும். அடர்நீலமோ நடுத்தரச் சாம்பலோ வைத்தால் பாதிக் குறைகள் காணாமல் போகும்.

OBS Studioவில் செய்முறை இதுதான். கேமரா மூலத்தின் Filtersஇல் முதலில் Crop/Pad சேர்த்துப் பீரோவை வெட்ட வேண்டும். அதன்கீழ் Chroma Key சேர்க்க வேண்டும். பின்னணியாகத் தற்காலிகமாகப் பளீர் சிவப்பை வைத்து, Similarity அளவை நன்றாக இறக்கிவிட்டு மெல்ல ஏற்றினால், துணி மறையும் இடம் ஒன்று வரும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஏற்றினால் ஆசிரியைமேல் சிவப்பு ஓட்டைகள் தெரியத் தொடங்கும். பிறகு Smoothness மூலம் ஓரத்தை இளக்கி, கடைசியாகக் கசிவுக் குறைப்பைத் தொட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர் நள்ளிரவு வரை மூன்று ஸ்லைடர்களோடு மல்லுக்கட்டுவார்.

எவ்வளவு சரியாகச் செய்தாலும் சில பொருட்கள் பணியாது. கண்ணாடிக் குடுவைக்குள்ளும் பிளாஸ்டிக் அளவுகோலுக்குள்ளும் துணி தெரியும் என்பதால் அவை பாதி அழியும். ஒளிச்சேர்க்கை பாடத்துக்குச் செம்பருத்தி இலையைத் தூக்கிக் காட்டினால், மாணவர்கள் ஆசிரியை காற்றைப் பிடித்துக்கொண்டு பச்சையத்தை விளக்குவதையே காண்பார்கள். அன்றைக்கு மட்டும் நீலத் துணி வேண்டும். சென்சாரில் நீலத்துக்குப் பங்கு குறைவு என்பதால் துணிக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும். நீலச் சேலையையும் தவிர்க்க வேண்டும்.